ஏசி கம்பெனியின் ஒரு காலாண்டு லாபத்தை நாலால் பெருக்கலாமா?

கேள்வி: ஒரு ஏசி கம்பெனிக்கு ஏப்ரல்-ஜூன் காலாண்டில் 40 கோடி லாபம். நாலால் பெருக்கி வருஷத்துக்கு 160 கோடின்னு வெச்சுக்கலாமா?

160 வராது. வருஷம் முழுக்கச் சேர்த்தே 40 கோடிதான் நின்றாலும் ஆச்சரியமில்லை. எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் ஏசி தொழில் நடக்கும் விதம் இதுதான்.

ஏப்ரல்-ஜூனில் விற்பனை 500 கோடி, மழைக்காலமான ஜூலை-செப்டம்பரில் 200, அக்டோபர்-டிசம்பரில் 230, கோடைக்கு டீலர்கள் ஸ்டாக் ஏற்றும் ஜனவரி-மார்ச்சில் 470. சரக்குச் செலவு போக 100 ரூபாய்க்கு 20 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். அப்படியானால் காலாண்டுவாரியாக 100, 40, 46, 94 கோடி கிடைக்கும். தொழிற்சாலை, சம்பளம், சர்வீஸ் சென்டர், வாடகைக்கு எந்தக் காலாண்டானாலும் 60 கோடி போகும். அதைக் கழித்தால் 40 லாபம், 20 நஷ்டம், 14 நஷ்டம், 34 லாபம். மொத்தம் 40 கோடி. விற்பனையில் முதல் காலாண்டின் பங்கு 36 சதவீதம்தான், ஆனால் வருஷ லாபம் அத்தனைக்கும் சமமான தொகை அங்கேயே வந்துவிட்டது.

"நிலையான செலவை விற்பனைக்கு ஏற்ப நாலு காலாண்டுக்கும் பிரித்துப் போட்டால் சரியாகிவிடுமே" என்று சிலர் வாதிடுவார்கள். இந்திய கணக்கியல் தரம் 34 அதற்கு இடம் கொடுப்பதில்லை. வருஷக் கடைசியில் தள்ளிவைக்க முடியாத செலவை காலாண்டிலும் தள்ளிவைக்கக் கூடாது. இத்தகைய கம்பெனிகள் பல, ரிசல்ட் தாளின் அடியிலுள்ள குறிப்பில் "இந்தக் காலாண்டு முழு ஆண்டைப் பிரதிபலிக்காது" என்று அவர்களாகவே எழுதுகிறார்கள். அதைத் தாண்டிப்போய் நாலால் பெருக்கி, "பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்று காட்டும் பி.இ. வெறும் பத்துதான், வாங்குங்கள்" என்று வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. புதிதாக வருகிறவரின் சேமிப்பு அதில் போகிறது.

செய்ய வேண்டியது இதுதான். போன நிதியாண்டின் முழு லாபத்தை எடுங்கள், அதிலிருந்து போன வருஷத்தின் இதே காலாண்டைக் கழியுங்கள், இந்த வருஷக் காலாண்டைக் கூட்டுங்கள். போன வருஷ மொத்தம் 30, அதன் ஏப்ரல்-ஜூன் 34 என்றால், 30 − 34 + 40 = 36 கோடி. கடந்த பன்னிரண்டு மாதத்துக்கு உங்கள் கம்பெனியின் லாபம் அவ்வளவுதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனி கணக்கில் விற்பனை என்பது டீலருக்கு அனுப்பிய சரக்கு. கோடை சுடும் என்று நம்பி மார்ச்சிலேயே டீலர் குடோனை நிரப்பினால், ஏப்ரல்-ஜூன் விற்பனையில் ஒரு பகுதி ஜனவரி-மார்ச்சுக்கு நகர்ந்துவிடும். 2025-ல் மே 24-ம் தேதியே கேரளாவில் பருவமழை தொடங்கியது. அப்படிப்பட்ட வருஷத்தில் டீலரிடம் சரக்கு தேங்கும், அடுத்த ஆர்டர் தள்ளிப்போகும். அதனால் ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு மாதத்தையும் ஒன்றாகச் சேர்த்து, முந்தைய வருஷத்தின் அதே ஆறு மாதத்தோடு ஒப்பிடுங்கள். ரிசல்டுக்குப் பிறகு நடக்கும் கான்ஃபரன்ஸ் காலில், டீலர்களிடம் எத்தனை வாரச் சரக்கு நிற்கிறது என்ற கேள்விக்கு நிர்வாகம் சொல்லும் பதிலையும் பாருங்கள்.