பிரஷ் வடிய வேண்டும், கூடை மூச்சுவிட வேண்டும்

கேள்வி: எங்கள் படுக்கையறையோடு சேர்ந்த குளியலறை ஐந்தடிக்கு ஏழடி. ஜன்னல் கிடையாது, எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும்தான். அழுக்குத்துணிக் கூடை, குப்பைத்தொட்டி, கழிப்பறை பிரஷ் மூன்றையும் மூடி போட்ட செட்டாக, ஒரே நிறத்தில் வாங்கி வைத்தேன். இரண்டே மாதத்தில் நாற்றம், துண்டுகளில் கரும்புள்ளி. எதை மாற்றலாம்? (வாசகி, தாம்பரம்)

பதில்: முதலில் பிரஷ்ஷை வெளியே எடுத்துவிட்டு, அது நிற்கும் குவளையைக் கழிப்பறைக்குள் கவிழ்த்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் தண்ணீர் கொட்டினால் நாற்றத்தின் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. தேய்த்து முடித்த பிரஷ்ஷிலிருந்து சொட்டும் நீர் அந்த மூடிய குவளையில் தேங்குகிறது. நம் வீடுகளில் குளியலறைத் தரை முழுவதும் நனைவதால், குளிக்கும் தண்ணீரும் தெறித்து அதில் சேர்கிறது. மறுநாள் அதே அழுக்கு நீரில் ஊறிய பிரஷ்ஷால்தான் மறுபடி தேய்க்கிறோம்.

அதனால் தாங்கி வாங்கும்போது அழகைப் பார்ப்பதற்கு முன் அடியைப் பாருங்கள். அடியில் துளை இருக்க வேண்டும். அல்லது பிரஷ் தொங்கும்படியும், சொட்டும் நீரைப் பிடிக்கும் கிண்ணத்தைத் தனியாகக் கழற்றிக் கழுவும்படியும் இருக்க வேண்டும். தரையில் வைப்பதைவிட, கைத்தெளிப்பான் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், தரையிலிருந்து அரை அடி உயரத்தில் சுவரில் மாட்டுவது நல்லது. இரும்புக் கம்பியை முறுக்கி நார் செருகிய பிரஷ் விலை குறைவுதான். ஆனால் முறுக்கில் துரு ஏறியதும் சுத்தம் செய்ய முடியாது. சிலிகோன் பிரஷ் சீக்கிரம் காயும், ஆனால் விளிம்புக்கு அடியில் படிந்த உப்புக்கறையை நைலான் நார் அளவுக்குத் தேய்க்காது. உங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் பிளாஸ்டிக் தண்டுள்ள நைலான் பிரஷ்தான் என் தேர்வு.

தேய்த்ததும் ஃபிளஷ் நீரில் பிரஷ்ஷை அலசி, கைப்பிடியை இருக்கைக்கு அடியில் செருகி, நார் பகுதி பீங்கானுக்கு மேல் தொங்கும்படி பத்து நிமிடம் வடியவிட்டு, பிறகு தாங்கியில் வையுங்கள். வாரம் ஒரு முறை பிரஷ், தாங்கி இரண்டையும் நன்றாகக் கழுவிவிட்டு, லிட்டருக்கு 50 மில்லி ப்ளீச்சிங் திரவம் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம். ஆனால் கடையில் வாங்கும் கழிப்பறை சுத்திகரிப்பான் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஜன்னல் இல்லாத உங்கள் அறையில் இது விளையாட்டல்ல. இரண்டையும் ஒரே நாளில் பயன்படுத்தாதீர்கள்.

துண்டுகளில் வந்த கரும்புள்ளி பூஞ்சைதான். ஈரத்துண்டைச் சுருட்டி மூடிய கூடையில் போட்டால் பூஞ்சைக்கு வேண்டிய ஈரம் கிடைத்துவிடுகிறது. கூடையைக் குளியலறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். வாஷிங் மெஷின் இருக்கும் பால்கனியோ, படுக்கையறை மூலையோ போதும். சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். நான்கு பக்கமும் துளையுள்ள, அடியில் கால் வைத்த பிளாஸ்டிக் கூடையை வாங்குங்கள். பிரம்புக் கூடை பார்க்க அழகு, ஆனால் ஈரம் பட்டால் அதுவே பூத்துவிடும். இரண்டு நாள் துணிக்கு மேல் கொள்ளாத அளவில் இருந்தால் துவைப்பதைத் தள்ளிப்போட முடியாது. ஈரத்துண்டைக் கொடியில் உலர்த்திய பிறகே கூடையில் போட வேண்டும். பழைய புள்ளிகள் வெள்ளைத் துண்டில் ப்ளீச்சால் ஓரளவு மங்கும். வண்ணத் துண்டில் பெரும்பாலும் போகாது.

குப்பைத்தொட்டிக்கு மட்டும் மூடி இருக்கட்டும். கால் மிதியோடு, உள்வாளி தனியாக வெளியே வரும் ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி போதும். ஸ்டீல் என்றால் ஈரத்தரையில் அடிவிளிம்பு துருப்பிடிக்கும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றிப் போட்டு, தினமும் தனிப் பொட்டலமாகக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்து நாற்றம் தங்கினால் ஃபேனைச் சோதியுங்கள். கதவை மூடி, ஃபேனை ஓடவிட்டு, அதன் கம்பி வலையில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை வையுங்கள். ஒட்டி நின்றால் இழுவை இருக்கிறது. கதவைத் திறந்தால் மட்டுமே ஒட்டுகிறது என்றால் உள்ளே காற்று வர வழியில்லை என்று பொருள். தச்சரை அழைத்துக் கதவின் அடியில் முக்கால் அங்குலம் சீவச் சொல்லுங்கள். குளித்த பிறகு அரை மணி நேரம் ஃபேன் ஓடட்டும். புதிய செட் எதுவும் வேண்டாம். தொட்டியின் உள்வாளி கழன்று வருகிறது என்றால் அதை வைத்துக்கொண்டு, பிரஷ் தாங்கியையும் கூடையையும் மட்டும் மாற்றுங்கள்.