ஃப்ளூவின் கொழுப்புப் போர்வையும் சளி வைரஸின் புரத ஓடும்: கேள்வி பதில்

சோப்பு ஃப்ளூ வைரஸை அழிக்கிறது என்கிறார்கள். சாதாரணச் சோப்புக்கு அவ்வளவு வலிமையா?

ஃப்ளூ வைரஸ் தன் மேலுறையைத் தானே செய்துகொள்வதில்லை. நம் மூச்சுப்பாதைச் செல்லைவிட்டு வெளியேறும்போது அச்செல்லின் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வருகிறது. இரண்டடுக்காக நிற்கும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன அந்தச் சவ்வில், ஒன்றை மற்றொன்றோடு கட்டிவைக்கும் வலுவான பிணைப்பு ஏதுமில்லை. நீரிலிருந்து ஒதுங்கும் இயல்பினாலேயே அவை கூடி நிற்கின்றன. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரையும், நீண்ட வால் கொழுப்பையும் நாடும். அந்த வால்கள் ஆப்புப்போல இடையிடையே நுழைய நுழையச் சவ்வு இளகிப் பிளந்து, சோப்புத் திரள்களுக்குள் சிறு சிறு துண்டுகளாகக் கரைந்துவிடுகிறது. செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் முட்கள் அந்தச் சவ்வில்தான் பதிந்திருக்கின்றன. சவ்வு போனால் உள்ளேயுள்ள மரபுப்பொருளுக்கு நுழையும் வழி அடைபடுகிறது.

என் மகன் பள்ளிப்பையில் சானிடைசர் வைத்திருக்கிறான், ஆனாலும் அடிக்கடி சளி பிடிக்கிறது. போலிச் சரக்கா?

போலி என்று சொல்ல இது போதாது. சளிக்கு மிகுதியான காரணமான ரைனோவைரஸுக்குக் கொழுப்புப் போர்வையே கிடையாது. நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு அறுபது வீதம், ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும் இறுகிய ஓடுதான் அதன் வெளிப்புறம். சோப்பின் வால் நுழைய அங்கே கொழுப்பு இல்லை. ஆகவே சோப்பு அதைப் பெரும்பாலும் உடைப்பதில்லை. தோலிலிருந்து பெயர்த்து, ஓடும் நீரோடு அனுப்பிவிடுகிறது. ஆல்கஹாலோ புரதத்தின் மடிப்பைக் குலைத்தாக வேண்டும். அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், எப்போதும் முழுமையாக நடப்பதுமில்லை. ஆனால் சளி தரும் வைரஸ்கள் எல்லாமே இப்படி என்று எண்ண வேண்டாம். சளி உண்டாக்கும் சில கொரோனா வைரஸ்களுக்குக் கொழுப்புப் போர்வை உண்டு.

70 சதவீதத்தைவிட 99 சதவீத ஸ்பிரிட் நல்லதுதானே? கொழுப்பை நன்றாகக் கரைக்குமே.

பாதி சரி. கொழுப்பைக் கரைக்க அது உதவும். ஆனால் புரதம் குலைவதற்கு நீரும் வேண்டும், மேலும் ஏறத்தாழத் தூய ஆல்கஹால் வேலை முடியும் முன்பே தோலிலிருந்து ஆவியாகிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் எத்தனால் 80 சதவீதம்தான்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: ஈரக் கையில் சானிடைசர் ஊற்றாதீர்கள். 70 சதவீதக் கலவை 3 மில்லி எடுத்தால் அதில் ஆல்கஹால் 2.1 மில்லி. கையில் 1 மில்லி நீர் தங்கியிருந்தால் அது 52.5 சதவீதமாக இறங்கிவிடுகிறது. பயனுள்ள அளவு 60-க்கு மேல்.

நான் செவிலியர். 2010-இல் வந்த ஆய்வொன்றில், கைகளிலிருந்த ரைனோவைரஸைச் சோப்பைவிட எத்தனால் சானிடைசரே நன்றாக நீக்கியது. உங்கள் விளக்கத்துக்கு எதிராக இருக்கிறதே?

நல்ல கேள்வி. அந்த ஆய்வு உண்மை. ரைனோவைரஸ் ஆல்கஹாலுக்கு அறவே அசையாது என்று நான் சொல்லவில்லை. ஃப்ளூவைவிடக் கடினம் என்பதே என் கருத்து. 2012-இல் வந்த களஆய்வையும் சேர்த்துப் பாருங்கள். ரைனோவைரஸின் ஓடு அமிலத்தில் குலையும் என்பதால், எத்தனாலோடு சிட்ரிக், மாலிக் அமிலங்களைக் கலந்து, விழித்திருக்கும் வேளையில் மூன்று மணிக்கொரு முறை பூசச் செய்தார்கள். ஆயினும் தொற்று கருதத்தக்க அளவு குறையவில்லை.

அப்படியானால் சளி கையால் பரவுவதே இல்லை என்று ஆகிறதே! கை கழுவுவது எதற்கு?

அவ்வளவு தூரம் போக அந்த ஆய்வு இடம் தரவில்லை. காற்றுவழிப் பரவல் பெரிதாக இருக்கலாம், பூச்சு தேய்ந்துபோகும் இடைவெளியில் தொற்றியிருக்கலாம்; எது எவ்வளவு என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

இல்லை ஐயா, வார்டில் பார்க்கிறேன்: தும்மிய கையில் ஜெல் தேய்த்தும் பிசுபிசுப்பு போவதில்லை. ஃப்ளூவிலும் இதே சிக்கலா?

நீங்கள் பார்த்தது முக்கியமானது. 2019-இல் கியோட்டோவில் நோயாளிகளின் சளியை வைத்துச் சோதித்தார்கள். ஈரச் சளிக்குள் இருந்த ஃப்ளூ வைரஸ் எத்தனாலுக்கு இரண்டு நிமிடம் கடந்தும் தாக்குப்பிடித்தது. முற்றிலும் செயலிழக்க ஏறத்தாழ நான்கு நிமிடம் ஆயிற்று. காய்ந்த சளியிலோ அரை நிமிடத்தில் முடிந்தது. போர்வை மெலிந்ததுதான், ஆனால் ஆல்கஹால் கெட்டியான சளிக்குள் மெதுவாகவே ஊடுருவுகிறது. அச்சோதனையில் கையைத் தேய்க்கவில்லை என்று எதிர்த்தவர்களும் உண்டு; அந்த எதிர்ப்பு நியாயமே. ஆயினும் கையில் சளி கண்ணுக்குத் தெரிந்தால் குழாயடிக்கே போங்கள்.

வெந்நீரில் கழுவினால்?

தோல் தாங்கும் சூட்டில் வைரஸ் சாகாது.

பாக்டீரியா எதிர்ப்புச் சோப்பு வாங்கலாமா?

இக்கேள்வி பலரிடமிருந்து வந்துவிட்டது. அதில் சேர்க்கும் மருந்து பாக்டீரியாவுக்கானது. போர்வையைக் கரைப்பது சோப்பேதான்.

மது அருந்தினால் தொண்டையில் உள்ளது சாகுமா?

சாகாது. வைரஸ் செல்லுக்குள் இருக்கிறது. காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை கழுவியதும் சானிடைசரும் போட்டுக்கொள்கிறேன், சரிதானே?

துடைத்துக் காயவைத்தீர்களா?