எந்த ஈயம் என்று கேளுங்கள்

கேள்வி: பாட்டி காலத்துச் செம்பு அடுக்கு ஒன்று பரணிலிருந்து கிடைத்தது. உள்ளே பூசிய ஈயம் பாதி தேய்ந்து செம்பு தெரிகிறது. ஈயம் நஞ்சு, மீதியையும் சுரண்டிவிட்டு வெறும் செம்பிலேயே சாம்பார் வைக்கலாம் என்கிறான் மகன். செம்புத் தண்ணீர் நல்லது என்கிறார்களே, சாம்பார் மட்டும் ஆகாதா?
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: சுரண்ட வேண்டாம். உங்கள் மகன் பயப்படுவது காரீயத்துக்கு. பாத்திரத்துக்குப் பூச வேண்டியது வெள்ளீயம். இரண்டும் வேறு வேறு உலோகங்கள். நாம் இரண்டையும் ‘ஈயம்’ என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினை இது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தில்தான் இருக்க வேண்டும்.

கறுத்த செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறது அல்லவா? மேலே படிந்த கறுப்பையும் பச்சைக் களிம்பையும் புளியின் அமிலம் கரைத்து எடுத்துவிடுகிறது. அந்தப் புளித்தண்ணீரை நாம் கொட்டிவிடுகிறோம். வெறும் செம்பில் சாம்பார் கொதிக்கும்போது அதே வேலை உள்ளே நடக்கிறது. அதைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றிக்கொள்கிறோம். அமிலத்தோடு காற்றும் சேரும்போது செம்பு வேகமாகக் கரையும். அதனால் சமைத்ததை அதிலேயே ராத்திரி முழுவதும் விட்டுவைப்பது இன்னும் மோசம். செம்பு அதிகமாகக் கரைந்தால் வாயில் உலோகக் கசப்பு, குமட்டல், வாந்தி, வயிற்றுவலி என்று சீக்கிரமே தெரிந்துவிடும். புளி, தக்காளி, எலுமிச்சை, மோர், தயிர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். குடத்தில் வைக்கும் வெறும் தண்ணீரில் இந்த அளவு அமிலம் இல்லை. ஆனால் செம்பு பாட்டிலில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. ஈயம் சரியாகப் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் உணவு வைக்கக் கூடாது என்று 1955ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளே சொல்லியிருந்தன.

ஆகவே மறுபடி பூசத்தான் வேண்டும். எதைப் பூசுகிறார்கள் என்பதில்தான் கவனம். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைவிடப் பல மடங்கு. இரண்டையும் கலந்தால் குறைந்த சூட்டிலேயே உருகும், வேலையும் சுலபம். ஏமாற்ற விரும்புகிறவருக்கு இரட்டை லாபம். சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுப் பித்தளைத் தவலைக்குப் பூச வந்தவர் கையிலிருந்த கம்பியை வாங்கி, திண்ணையில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். பென்சிலால் எழுதியதுபோல் சாம்பல் நிறத்தில் விழுந்தது. காரீயம் நிறைய இருந்தால் அப்படித்தான் விழும். தவலையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன், அவருக்குக் கோபம்தான்.

நல்ல வெள்ளீயக் கம்பி வெண்மையாக இருக்கும், காகிதத்தில் சுலபமாகக் கறை விடாது. காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்லிய சத்தம் கேட்கும். கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது. சந்தேகம் இருந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதுதான் உறுதி. பூசுபவரிடம் ‘சுத்த வெள்ளீயம்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை.

உங்கள் அடுக்கில் இருக்கும் பழைய பூச்சிலும் என்ன கலந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அதைச் சூட்டில் உருக்கி முழுவதும் துடைத்து எடுத்த பிறகே புதிதாகப் பூசச் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். உட்புறத்தைச் செம்பு நிறம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துக் கழுவி, கரி அடுப்பில் சூடாக்கி, நவச்சாரத் தூளைத் தூவுவார்கள். வெண்புகை குப்பென்று கிளம்பும், அதை முகர வேண்டாம். பிறகு கம்பியைத் தேய்த்து, உருகியதைப் பஞ்சால் ஒரே வீச்சில் பரப்புவார்கள். அழுக்கோ எண்ணெயோ இருந்த இடத்தில் ஈயம் ஒட்டாது, சிவப்புப் புள்ளியாக நிற்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்து, புள்ளி இருந்தால் அங்கேயே மறுபடி பூசச் சொல்லுங்கள்.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுப் போனை எடுக்கப் போனால் பூச்சு குமிழ் குமிழாகத் திரண்டு கிடக்கும். தண்ணீர் ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். தாளிப்பதை இரும்புக் கரண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நார் வேண்டாம், தேங்காய் நார் போதும். நாளாக ஆக உட்புறம் சாம்பல் நிறமாக மங்குவது இயல்பு, அதற்காகப் போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பின் சிவப்பு தெரிய ஆரம்பித்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது.

அதுவரை அந்த அடுக்கைத் துடைத்துப் பரணிலேயே வையுங்கள். சாம்பாருக்கு எவர்சில்வர் இருக்கிறது.