கதவு, ஜன்னல்களுக்கு எத்தனை லிட்டர் வார்னிஷ்?

கேள்வி: புது வீட்டில் நிலையையும் சேர்த்து 7 அடிக்கு 3 அடி அளவில் பேனல் வைத்த தேக்குக் கதவுகள் 4, 4 அடிக்கு 4 அடியில் கண்ணாடி போட்ட மர ஜன்னல்கள் 6 இருக்கின்றன. மூன்று கோட் வார்னிஷ் அடிக்க 5 லிட்டர் போதும் என்கிறார் ஒருவர், 12 லிட்டர் வேண்டும் என்கிறார் பெயின்டர். யார் சொல்வது சரி?

பதில்: பெயின்டர் சொல்வதே சரி. 5 லிட்டர் என்றவர் கதவு, ஜன்னல்களின் ஒரு முகத்தை மட்டும் கணக்கிட்டு, 180 சதுர அடி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

வார்னிஷ் இரு முகங்களிலும் ஏறுவதோடு, பேனலின் பள்ளங்கள், சட்டங்களின் ஓரங்கள், நிலையின் பக்கங்கள் ஆகியவற்றிலும் ஏறுகிறது. இவற்றைத் தனித்தனியாக அளப்பது வீண் வேலை என்பதால், மத்தியப் பொதுப்பணித் துறையின் அளவீட்டு முறையில், நிலையையும் சேர்த்த வெளி அளவை ஒவ்வொரு முகத்துக்கும் பேனல் கதவானால் 1.3 ஆலும், முழுக் கண்ணாடி ஜன்னலானால் 0.8 ஆலும் பெருக்குகிறார்கள். அதன்படி ஒரு கதவுக்கு 21 × 1.3 × 2, அதாவது 54.6 சதுர அடி, நான்குக்கும் 218. ஒரு ஜன்னலுக்கு 16 × 0.8 × 2, அதாவது 25.6, ஆறுக்கும் 154. ஆக மொத்தம் 372 சதுர அடி.

அடுத்த பிழை, டப்பாவில் அச்சிட்ட பரப்பளவை எல்லாக் கோட்டுக்கும் ஒரேபோல் வைத்துக்கொள்வது. அந்த எண் வழவழப்பான, உறிஞ்சாத பரப்புக்கு உரியது. இதுவரை எதுவும் பூசாத மரமோ முதல் கோட்டைக் குடித்துவிடும். எனவே சாதாரண எண்ணெய் வார்னிஷுக்கு முதல் கோட்டில் லிட்டருக்கு 80 சதுர அடி என்றும், அடுத்த இரண்டில் 110 என்றும் வைத்துக்கொள்ளலாம். முதல் கோட்டுக்கு 4.65 லிட்டர், மற்ற இரண்டுக்கும் சேர்த்து 6.76, ஆக 11.4 லிட்டர் ஆகிறது. தூரிகையிலும் டப்பாவிலும் ஒட்டி வீணாவதைச் சேர்த்தால் 12. மரத்தின் துளைகளை அடைக்கும் சீலரைப் பூசிய பிறகு அடிப்பதானால் முதல் கோட்டுக்கும் 110 என்றே கணக்கிடலாம். அப்போது வார்னிஷ் சுமார் 10.5 லிட்டர் போதும்.

முழுவதையும் ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். 5 லிட்டர் வாங்கி, ஒரு கதவின் இரு முகங்களுக்கும் முதல் கோட் அடிக்கச் சொல்லி, டப்பாவில் குறைந்ததை அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட 700 மில்லி ஆகியிருக்க வேண்டும். ஒரு லிட்டரை நெருங்கினால் உங்கள் மரம் அதிகம் உறிஞ்சுகிறது. முதல் கோட்டின் கணக்கை மட்டும் அதற்கேற்ப உயர்த்திக்கொண்டு, மீதியை ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். 400 மில்லியிலேயே முடிந்துவிட்டால் மகிழ வேண்டாம். தின்னர் அதிகம் கலந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். அப்படி அடித்தால் மூன்று கோட்டுக்குப் பிறகும் படலம் மெலிந்தே இருக்கும். வெயில் படும் ஜன்னல்களில் அது சீக்கிரமே உரியத் தொடங்கும்.

இந்தக் கணக்கு வார்னிஷுக்கு மட்டுமே பொருந்தும். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷில், பளபளப்பு வரும்வரை மெல்லிய பூச்சுகளைத் தேய்த்துக்கொண்டே போவதால், கோட் எண்ணிக்கையை வைத்து லிட்டர் சொல்ல முடியாது.