ஏழாவது உறை தொலைந்தால்?

தபாலை உதாரணமாக வைத்து, வலைப்பக்கம் நம்மிடம் எப்படி வருகிறது என்று சொல்ல முடியுமா?

பிரவுசர் முதலில் டிஎன்எஸ் என்ற முகவரிப் புத்தகத்தில் தளத்தின் ஐபி எண்ணைத் தேடி எடுத்து, சர்வருக்குக் கடிதம் போடும். சரி, பதில் ஒரே பார்சலாக வருமா? வராது. ஓர் உறையில் சுமார் 1,460 பைட்தான் அடங்கும். 14,600 பைட் பதிலுக்குப் பத்து உறைகள், ஒவ்வொன்றிலும் வரிசை எண். வழியிலுள்ள ரவுட்டர்கள் தபால் பிரிக்கும் நிலையங்கள் மாதிரி. நெரிசல் அதிகமானால் உறையைத் தூக்கிப் போட்டுவிடும், பெரும்பாலும் யாரிடமும் சொல்லாது!

ஏழாவது உறை தொலைந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் 8, 9, 10 வர வர, உங்கள் கணினி ஒவ்வொரு முறையும் "எனக்கு 7 வேண்டும்" என்றே ஒப்புகைச் சீட்டு அனுப்பும். அதே சீட்டு மூன்று முறை திரும்ப வந்ததும் சர்வர் ஏழாவதன் நகலை அனுப்பும். அதுவரை மற்ற மூன்றும் பிரிக்கப்படாமல் காத்திருக்கும். பக்கம் பாதியில் நின்று, திடீரென்று மொத்தமாக வருவது பல நேரம் இதனால்தான்.