தடைக்காலச் செய்தியில் பேசுவது யார்?

கேள்வி: கடலூரில் மாதமிருமுறை இதழ் நடத்துகிறோம். செய்தியாளர்கள் ஐந்து பேரும் டவுன் ஆண்கள். "புயல் அடிச்சாத்தான் எங்க ஊர்ப் பக்கம் வர்றீங்க" என்கிறார்கள் மீனவர்கள். அங்கிருந்து ஒரு பையனை வேலைக்கு எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்: பாதிதான் சரியாகும். எடுங்கள்; ஆனால் அதற்கு முன்பு, கடைசி ஆறு இதழ்களை மேசையில் போட்டு, யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஆணா பெண்ணா, என்ன தொழில், எந்த ஊர், செய்தியாளருக்கு எப்படிக் கிடைத்தார் என்று ஆளுக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆட்சியர் அறிக்கை மாதிரி வேறு ஆளே இல்லாத இடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேசுகிறவர்களில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று பி.பி.சி. 2017-ல் தொடங்கிய 50:50 திட்டத்திலும் தாங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடியவர்களைத்தான் எண்ணுகிறார்கள். சாதியை மட்டும் ஊகித்து எழுதாதீர்கள்.

மீன்பிடித் தடைக்காலச் செய்தியையே பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். வருடா வருடம் மீன்வளத் துறை அதிகாரியும் விசைப்படகு உரிமையாளர் சங்கத் தலைவரும் பேசுவார்கள், செய்தி முடிந்துவிடும். இருவர் நம்பரும் செய்தியாளர் போனில் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு அடித்தாலும் எடுப்பார்கள். கூடை வைத்து விற்கும் பெண்களோ விடியுமுன் முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்துவிட்டு, பதினொரு மணிக்குத் தெருவில் நிற்பார்கள். தடை விசைப்படகுக்குத்தான், ஃபைபர் படகு கடலுக்குப் போகும். வரத்து குறைந்து விலை ஏறும்போது அதே கூடையை நிரப்ப அந்தப் பெண்ணுக்குக் கூடுதல் முதல் வேண்டும். அதை எங்கே, என்ன வட்டிக்குப் புரட்டுகிறார் என்பது ஒரு முழுச் செய்தி. ஏலம் நடக்கிற நேரத்தில் உங்கள் ஆபீஸிலிருந்து ஒருவரும் அங்கே போகாததால் அது உங்களுக்கு வந்து சேருவதே இல்லை.

இனி அந்தப் பையன் விஷயம். அவரை மீனவர் செய்திக்கே ஒதுக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. நகராட்சி, நீதிமன்றம் எல்லாம் மற்றவர்கள் கையில் இருக்கும், இவர் 'குப்பத்து ஆள்' ஆகிவிடுவார், கொஞ்ச நாளில் வேலையை விட்டும் போய்விடுவார். இன்னொன்று, அவருக்கும் எட்டாத இடங்கள் உண்டு. ஊர்ப் பஞ்சாயத்துக்குப் பிடிக்காததைத் தனியாக எழுதினால் நெருக்கடி அவர் வீட்டுக்கு வரும். அப்படிப்பட்ட செய்திக்கு இரண்டு பேரை அனுப்பி இருவர் பெயரிலும் போடுங்கள். கூடை விற்கும் பெண்களும் ஓர் ஆண் செய்தியாளரிடம் கடன் கணக்கை எளிதில் பேசமாட்டார்கள். ஆகவே அடுத்த இடம் காலியாகும்போது ஒரு பெண்ணைத் தேடுங்கள்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 'எப்படிக் கிடைத்தார்' என்ற இடத்தில் அப்போதும் 'ஏற்கெனவே தெரிந்தவர்' என்றே வந்துகொண்டிருந்தால், புதியவருடைய போனில் உள்ள நம்பர்கள்தான் கூடியிருக்கின்றன. மற்ற ஐவரும் நேரத்தையும் வழியையும் மாற்றவில்லை. அவர்களை முறைவைத்து, வாரம் ஒருவராக, அதிகாலை ஏலத்துக்கு அனுப்புங்கள்.