டீம் மாற எழுதும் மெயிலில் காரணத்தை எப்படிச் சொல்வது?

"அமெரிக்கா வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, எச்-1பி விசா. டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். மேனேஜர் எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடுகிறார். இதே கம்பெனியில் டேட்டா டீமில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அவரைக் குறை சொல்லாமல் எப்படி எழுதுவது அண்ணா?"

தம்பி, அந்த மெயிலை உங்கள் மேனேஜரும் படிப்பார் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். டேட்டா டீம் மேனேஜருக்கு உங்களைப் பிடித்துவிட்டால் அடுத்து அவர் விசாரிப்பது பெரும்பாலும் உங்கள் மேனேஜரிடம்தான். மெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்தாலும் ஆச்சரியமில்லை.

பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. 'இங்கே கற்றுக்கொள்ள வாய்ப்பு கிடைப்பதில்லை', 'ஒத்துழைப்பான சூழலைத் தேடுகிறேன்' என்றெல்லாம் எழுதினால் யாரைச் சொல்கிறீர்கள் என்று எல்லாருக்கும் புரியும். 'வளர்ச்சிக்காக' என்று மொட்டையாக எழுதினாலும் சந்தேகம்தான் வரும், ஏனென்றால் மேனேஜரோடு ஒத்துப்போகாத எல்லாரும் போர்த்திக்கொள்ளும் போர்வை அது. இப்போது செய்யும் வேலையே உங்களை அந்த வேலைக்கு இழுத்துச் செல்வதாக எழுதுங்கள். உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள ஒரு மாதிரி:

"டெஸ்டிங் டீமில் பில்லிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். ரிலீஸுக்கு முன் பில் தொகைகளைச் சரிபார்க்க நான் எழுதிய எஸ்க்யூஎல் குவரிகளை இப்போது டீம் முழுவதும் பயன்படுத்துகிறது. டேட்டா பக்கம் ஆர்வம் வந்தது அதில்தான். உங்கள் அறிவிப்பில் உள்ள தரவுத் தரம் சார்ந்த பொறுப்பில் இதையே பெரிய அளவில் செய்ய விரும்புகிறேன். நடப்பு ரிலீஸை முடித்து, வேலையை ஒப்படைத்துவிட்டு வர முடியும்."

இதைப் படித்தால் உங்கள் மேனேஜருக்குக் கோபம் வர இடமில்லை, அவர் டீமுக்கும் நல்ல பெயர்தான். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரிலீஸ் நடுவில் ஆள் போய்விடுவாரோ என்பதுதான் அவருடைய பெரிய கவலையாக இருக்கும்.

மெயிலில் கவனமாக இருப்பவர்கள்கூட நேர்காணலில் சறுக்குவார்கள். "அங்கே எப்படிப் போகிறது?" என்று அன்பாகக் கேட்பார்கள். "நன்றாகப் போகிறது, பில்லிங் வேலையில் நிறையக் கற்றேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வரும் மௌனத்தை நிரப்பப் போய்த்தான் பலரும் உளறுவது.

விண்ணப்பித்தால் மேனேஜருக்குத் தானாகவே தகவல் போகுமா, எவ்வளவு காலம் பழைய வேலையில் இருந்திருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். தகவல் போகும் என்றால் முந்தின நாளே அவரிடம் இதே காரணத்தை நேரில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் விசா. வேலையின் தன்மை பெரிதாக மாறினாலோ, புது அலுவலகம் வேறு பெருநகரப் பகுதியில் இருந்தாலோ, நீங்கள் மாறுவதற்கு முன்பே கம்பெனி எச்-1பி திருத்த மனு போட வேண்டியிருக்கும். கிரீன் கார்டுக்கான பெர்ம் என்னும் தொழிலாளர் சான்றிதழ் வேலை தொடங்கியிருந்தால் அது குறிப்பிட்ட வேலையோடு கட்டுண்டது, திரும்ப முதலிலிருந்து தொடங்க நேரலாம். இதை மெயிலில் இழுக்காமல் கம்பெனியின் குடிவரவு வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள்.

முட்டுக்கட்டை என்று நீங்கள் சொல்வது இனத்தையோ மதத்தையோ வைத்து நடக்கும் பாகுபாடாக இருந்தால் அது வேறு விஷயம். தேதிகளோடு குறித்துவைத்து எச்ஆரிடம் தனிப் புகாராகக் கொடுங்கள், இந்த விண்ணப்பத்தில் கலக்க வேண்டாம்.